துறைமுகத்தை முதலில் சொல்லாதீர்கள்

கேள்வி: அம்மா, டர்பனில் பூஜைப் பொருட்கள் விற்கும் சிறிய கடை வைத்திருக்கிறேன். பெரும்பாலும் இணையத்தில்தான் விற்பனை. பித்தளை விளக்கு, வேட்டி, சேலை, கற்பூரம் எல்லாம் சென்னையிலிருந்து ஒரே கன்டெய்னரில் வரும். புரட்டாசிக்கு முன், செப்டம்பர் 12க்குள் சரக்கு வந்துவிடும் என்று சொல்லி 140 ஆர்டர்களுக்குப் பணம் வாங்கினோம். கற்பூரத்துக்கான அபாயப் பொருள் படிவம் இல்லாததால் கன்டெய்னரைக் கப்பலில் ஏற்ற மறுத்துவிட்டார்கள். அடுத்த கப்பலுக்கு 16 நாள் ஆனது. இது ஆகஸ்ட் 8ஆம் தேதியே எனக்குத் தெரியும். சமாளித்துவிடலாம் என்று நினைத்து யாருக்கும் சொல்லவில்லை. அந்த 140இல் 52 ஆர்டர்களை அதற்குப் பிறகுதான் எடுத்தோம். இப்போது கப்பல் டர்பனுக்கு வெளியே நங்கூரமிட்டு நிற்கிறது. துறைமுகத்தில் 5 நாள், சுங்கத்தில் 3 நாள் ஆகும், அக்டோபர் 6இல் சரக்கு கைக்கு வரும் என்கிறார் கிளியரிங் ஏஜென்ட். புரட்டாசியின் இரண்டு சனிக்கிழமைகள் போய்விட்டன. தினமும் திட்டு வாங்குகிறோம். மன்னிப்புக் கேட்டு ஒரு வீடியோ போட நினைக்கிறேன். நான் எழுதிய வசனம் இது: “அன்பார்ந்த வாடிக்கையாளர்களே, டர்பன் துறைமுகத்தில் நிலவும் நெரிசல் காரணமாகத் தங்கள் பொருட்களை அனுப்புவதில் தாமதம் ஏற்பட்டுள்ளது. இதனால் தங்களுக்கு ஏதேனும் அசௌகரியம் ஏற்பட்டிருந்தால் வருந்துகிறோம். பொருட்கள் விரைவில் அனுப்பிவைக்கப்படும். அடுத்த முறை வாங்கும்போது 10 சதவீதத் தள்ளுபடி உண்டு. தங்கள் பொறுமைக்கு நன்றி.” திருத்தித் தருவீர்களா?

பதில்:

அன்புள்ள தம்பி,

இந்த வசனத்தைத் திருத்துவதில் பயனில்லை. புதிதாகத்தான் எழுத வேண்டும். எழுதியும் தந்திருக்கிறேன். அதற்கு முன், நீங்கள் எனக்குச் சொல்லிவிட்டு வாடிக்கையாளர்களுக்குச் சொல்லாமல் விட்ட விஷயத்தைப் பேச வேண்டும்.

கணக்கை நீங்களே கொடுத்திருக்கிறீர்கள். செப்டம்பர் 12க்கும் அக்டோபர் 6க்கும் இடையில் 24 நாள். அதில் 16 நாள் படிவத்தால் போனது. துறைமுகத்தால் போவது 5 நாள், சுங்கத்தால் 3 நாள். மூன்றில் இரண்டு பங்கு தாமதம் உங்கள் பக்கத்தில் நடந்திருக்க, உங்கள் வசனம் முழுப் பழியையும் துறைமுகத்தின் மேல் போடுகிறது. நெரிசல் உண்மைதான். ஆனால் உண்மையான ஒரு சிறிய காரணத்தை முன்னால் நிறுத்திப் பெரிய காரணத்தை மறைத்தால், கேட்பவருக்கு அது பொய்யாகத்தான் போய்ச் சேரும்.

நம் ஊரில் இது மறைவாக இருக்கவும் இருக்காது. 2023 நவம்பரில் டர்பனுக்கு வெளியே அறுபதுக்கும் மேற்பட்ட கப்பல்கள் காத்து நின்றதை இங்கே எல்லோரும் பார்த்தார்கள். பேஹெட் சாலையில் லாரி ஓட்டுகிறவர், கிளியரிங் அலுவலகத்தில் வேலை செய்கிறவர் என்று யாராவது ஒருவர் ஒவ்வொரு குடும்பத்திலும் இருக்கிறார். “மாமா, கப்பல் எத்தனை நாளாக நிற்கிறது?” என்று ஒரு பிள்ளை கேட்டால் போதும், “ஐந்து நாள்” என்ற பதில் வந்துவிடும். மீதிப் பத்தொன்பது நாள் எங்கே என்ற கேள்வி அதன் பின்னாலேயே வரும்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். 2022 ஏப்ரலில் இங்கே பெரிய வெள்ளம் வந்தபோது, கன்டெய்னர்கள் அடித்து வரப்பட்டு நெடுஞ்சாலையில் கிடந்தன. அந்த வாரம் ஒரு மரச்சாமான் கடைக்கு நான் மன்னிப்பு அறிவிப்பு எழுதிக் கொடுத்தேன். “வெள்ளத்தால் தாமதம்” என்றுதான் முதலாளி சொன்னார், நானும் கேள்வி கேட்காமல் அப்படியே எழுதினேன். இரண்டு நாள் கழித்து ஓர் அம்மாள் இன்வாய்ஸை நான்காக மடித்துக் கையில் வைத்துக்கொண்டு கடைக்கு வந்தார். மேசைமேல் விரித்து, பொருள் தருவதாகப் பேனாவால் எழுதியிருந்த தேதியின் மேல் விரலை வைத்தார். மார்ச் 28. வெள்ளம் வந்தது ஏப்ரல் 11, 12இல். அவர் குரலை உயர்த்தவே இல்லை. “இந்தத் தேதியில் மழை பெய்யவில்லையே” என்று மட்டும் கேட்டார். அன்றிலிருந்து, தேதிவாரியான கணக்கைப் பார்க்காமல் யாருக்கும் நான் மன்னிப்பு வசனம் எழுதுவதில்லை.

உங்களிடம் அதைவிடக் கனமான தேதி ஒன்று இருக்கிறது. ஆகஸ்ட் 8. படிவம் விட்டுப்போனது கவனக்குறைவு, எந்தக் கடையிலும் நடக்கக்கூடியது. சரக்கு நேரத்துக்கு வராது என்று தெரிந்த பிறகும் 52 பேரிடம் பணம் வாங்கியது வேறு வகை. மக்கள் முதலாவதை மன்னிப்பார்கள். இரண்டாவதை நீங்களே வாயால் சொன்னால் அதையும் பெரும்பாலோர் மன்னிப்பார்கள். ஆர்டர் தேதிகளை ஒப்பிட்டு அவர்களாகவே கண்டுபிடித்தால் மன்னிக்க மாட்டார்கள். அதனால் வீடியோவில் ஆகஸ்ட் 8 வர வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

சட்டமும் இந்தப் பக்கம்தான் நிற்கிறது. நான் வழக்கறிஞர் இல்லை. வீடியோ வெளியாவதற்கு முன் ஒருவரிடம் காட்டிவிடுங்கள். ஆனாலும் இரண்டு விஷயம் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தென்னாப்பிரிக்காவின் 2002ஆம் ஆண்டு மின்னணுத் தகவல் தொடர்பு மற்றும் பரிவர்த்தனைச் சட்டம், 46ஆம் பிரிவின்படி, இணையத்தில் எடுத்த ஆர்டரை 30 நாளில் அல்லது இரு தரப்பும் ஒப்புக்கொண்ட காலத்தில் நிறைவேற்ற வேண்டும். தவறினால் வாங்கியவர் 7 நாள் எழுத்து அறிவிப்புக் கொடுத்து ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம். 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 47ஆம் பிரிவு இன்னும் கூர்மையானது. சரக்குப் பற்றாக்குறையால் சொன்ன தேதியில் தர முடியாமல் போனால், கைமீறிய காரணம் என்று கடைக்காரர் சொல்லலாம். ஆனால் அதற்கு, முடிந்த அளவு சீக்கிரம் வாடிக்கையாளருக்குத் தெரிவித்திருக்க வேண்டும். தன் தொழிலின் வழக்கமான வேலையைக் கவனமாகச் செய்யாததால் வந்த பற்றாக்குறை, கைமீறியது என்ற கணக்கிலேயே சேராது. சரக்குடன் போகும் படிவங்களைச் சரிபார்ப்பது இறக்குமதி செய்கிறவரின் வழக்கமான வேலை. ஆகவே துறைமுகத்தின் பின்னால் ஒளிவது உங்களுக்குச் சட்டப் பாதுகாப்பாகவும் இருக்காது.

சென்னை வியாபாரிதான் படிவத்தை நிரப்பியிருக்க வேண்டும் என்பீர்கள். உண்மை. செயற்கைக் கற்பூரம் கடல் போக்குவரத்து விதிகளில் தீப்பற்றக்கூடிய திடப்பொருள். ஐ.நா. எண் 2717, வகுப்பு 4.1. ஏற்றுமதி செய்கிறவர் அதை அப்படியே அறிவிக்க வேண்டும். “பூஜைப் பொருட்கள்” என்று பொதுவாக எழுதிவிட்டால் கப்பல் நிறுவனம் பெட்டியை நிறுத்திவிடும், நிறுத்துவதும் நியாயம்தான். அவரோடு உங்களுக்குள்ள கணக்கைத் தனியே தீர்த்துக்கொள்ளுங்கள். டர்பனின் பீனிக்ஸ் பகுதியில் விளக்குக்காகக் காத்திருக்கும் பாட்டி அவரிடம் பணம் கொடுக்கவில்லை, உங்களிடம்தான் கொடுத்தார். வீடியோவில் அந்த வியாபாரியின் பெயரோ ஊரோ வர வேண்டாம்.

இனி, உங்கள் வசனத்தின் தமிழுக்கு வருகிறேன். அதில் செய்ததையும் செய்யப்போவதையும் சொல்லும் ஒரு வாக்கியத்துக்குக்கூட ஆள் இல்லை. தாமதம் “ஏற்பட்டுள்ளது”. பொருட்கள் “அனுப்பிவைக்கப்படும்”. யார் தாமதப்படுத்தினார், யார் அனுப்பப்போகிறார்? “ஏற்பட்டது” என்பது மழைக்கும் நிலநடுக்கத்துக்கும் பொருந்தும். நீங்கள் செய்ததற்கு “நான்” வேண்டும்: நான் சரிபார்க்கவில்லை, நான் சொல்லவில்லை, நான் அனுப்புகிறேன். அடுத்தது, “அசௌகரியம் ஏற்பட்டிருந்தால்”. அந்த “இருந்தால்” மன்னிப்பையே திரும்ப வாங்கிக்கொள்கிறது. சிரமம் உண்டானதா என்று உங்களுக்குச் சந்தேகமா? தினமும் திட்டு வாங்குவதாக நீங்களே எழுதுகிறீர்கள். “வருந்துகிறோம்” என்பதையும் விட்டுவிடுங்கள். துக்கம் விசாரிக்கிறவரும் வருந்துகிறோம் என்றுதான் சொல்வார். தவறு செய்தவர் சொல்ல வேண்டியது “மன்னிப்புக் கேட்கிறேன்”. கடைசியில் பொறுமைக்கு நன்றி சொல்கிறீர்கள். அவர்கள் பொறுமையாக இல்லை, பொறுமையாக இருக்க வேண்டிய கடமையும் அவர்களுக்கு இல்லை.

“அசௌகரியம்” என்ற சொல்லில் இன்னொரு குறையும் உண்டு. என்ன இழப்பு என்பதை அது சொல்லாது. சோபா மூன்று வாரம் தாமதமானால் மூன்று வாரம் நாற்காலியில் உட்காரலாம். புரட்டாசிச் சனி திரும்பி வராது. வீட்டைக் கழுவி, நாமம் இட்டு, காய்கறி சமைத்து, வாழையிலை விரித்து, கோவிந்தா என்று கற்பூரம் ஏற்றும் நேரத்தில் புது விளக்கு வாசலுக்கு வரவில்லை. என் பக்கத்து வீட்டு அம்மாள் மருமகளின் முதல் புரட்டாசிக்காக ஒரு குத்துவிளக்கு வாங்கப் பணம் கட்டியிருந்தார். எந்தக் கடையில் என்று நான் கேட்கவில்லை. சனிக்கிழமை காலை என் வீட்டு விளக்கை இரவல் வாங்கிப் போனார், மாலையில் துலக்கிப் பளபளவென்று திருப்பிக் கொடுத்தார். திரிமுனைக் கரிகூட இல்லை. “புது விளக்கு என்று சொல்லி வைத்திருந்தேன்” என்றார். அவர் இழந்தது அதுதான். வீடியோவின் முதல் இருபது விநாடியில் அந்த இழப்பை அதன் பெயரிலேயே சொல்ல வேண்டும்.

அடுத்தது பரிகாரம். இதில்தான் நீங்கள் மிகவும் தடுமாறியிருக்கிறீர்கள். கொடுத்த பணத்துக்கே பொருள் வராதவரிடம், மறுபடி வாங்கினால் தள்ளுபடி என்கிறீர்கள். அது அவர் பணத்தை இன்னொரு முறை கேட்பது. பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்பதும் தனியாக நின்றால் பரிகாரம் ஆகாது, சட்டமே அந்த உரிமையை அவருக்குக் கொடுத்திருக்கிறது. அதற்கு மேல் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதைத்தான் மக்கள் பார்ப்பார்கள்.

வாக்குக் கொடுப்பதற்கு முன் பணத்தை எண்ணிப் பாருங்கள். ஓர் ஆர்டர் சராசரியாக 700 ராண்ட், கூரியர் கட்டணம் 95 ராண்ட் என்று வைத்துக்கொள்கிறேன். உங்கள் எண்களைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள். 140 பேருக்கும் கூரியர் கட்டணத்தைத் திருப்பித் தந்தால் 13,300 ராண்ட். ஆகஸ்ட் 8க்குப் பிறகு வாங்கிய 52 பேருக்கு, பொருளையும் கொடுத்துப் பொருள் விலையில் ஐந்தில் ஒரு பங்கையும் திருப்பித் தந்தால் 7,280 ராண்ட். ஆக, கையை விட்டுப் போவது 20,580. நாற்பது பேர் பொருளே வேண்டாம் என்றால் அவர்களுக்கு 28,000 ராண்ட் தர வேண்டியிருக்கும். ஆனால் அந்தப் பொருட்கள் உங்கள் கிடங்கில் இருக்கும், தீபாவளிக்கு விளக்கும் சேலையும் விற்றுவிடும். அது நட்டமில்லை, சில வாரம் பணம் முடங்குவதுதான்.

மோசமான நிலையையும் எண்ணுங்கள். அக்டோபர் 6 என்பது ஏஜென்டின் மதிப்பீடு. பலத்த காற்று அடித்தால் கிரேன்களை நிறுத்துவார்கள், தேதி தள்ளிப்போகும். சுங்கம் பெட்டியைச் சோதனைக்கு எடுத்தாலும் தள்ளிப்போகும். அதனால் உங்கள் கையில் இல்லாத தேதியை வாக்காகக் கொடுக்காதீர்கள். அக்டோபர் 6இல் சரக்கு கைக்கு வந்தால், பொட்டலம் கட்ட ஒரு நாள், கொண்டுபோய்ச் சேர்க்க இரண்டு நாள். ஆகவே இப்படிச் சொல்லுங்கள்: அக்டோபர் 9 மாலைக்குள் பொருள் வீட்டுக்கு வரும். வராவிட்டால், நீங்கள் கேட்காமலே 10ஆம் தேதி முழுப் பணத்தையும் திருப்பி அனுப்புவேன், பொருள் பின்னால் வந்தால் அதை வாங்கிக்கொள்வதும் மறுப்பதும் உங்கள் விருப்பம். துறைமுகம் உங்கள் பேச்சைக் கேட்காது. உங்கள் வங்கிக் கணக்கு கேட்கும். கையில் உள்ளதை வைத்து வாக்குக் கொடுப்பது இதுதான். இதற்கு 98,000 ராண்டும் கூரியர் கட்டணமும் அன்றைக்குத் தயாராக இருக்க வேண்டும். இல்லையென்றால் இந்த வாக்கைக் கொடுக்காதீர்கள். 13,300ஐ மட்டும் இன்றே திருப்பிக் கொடுத்துவிட்டு, ரத்து செய்ய விரும்புகிறவர்களுக்கு எத்தனை நாளில் தர முடியும் என்று உண்மையான நாளைச் சொல்லுங்கள். சிறிய வாக்காக இருக்கட்டும், காப்பாற்றக்கூடியதாக இருக்கட்டும்.

பரிகாரத்தை வாங்கிக்கொள்ளும் வழியும் எளிதாக இருக்க வேண்டும். படிவம் நிரப்பச் சொல்லாதீர்கள், இன்வாய்ஸ் படம் கேட்காதீர்கள், உங்களிடமே எல்லாம் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் “வேண்டும்” அல்லது “வேண்டாம்” என்று ஒரு சொல் வந்தால் போதும். பதில் அனுப்பாதவர்களைச் சம்மதித்தவர்களாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மூன்றாம் நாள் அவர்களை நீங்களே தொலைபேசியில் கூப்பிடுங்கள். வயதானவர்கள்தான் பெரும்பாலும் பதில் அனுப்பாமல் இருப்பார்கள்.

இதோ வசனம். நிதானமாகப் பேசினால் இரண்டு நிமிடத்துக்குள் முடியும். அதற்கு மேல் நீட்ட வேண்டாம்.

முதல் இருபது விநாடி, கேமராவை நேராகப் பார்த்து:

“வணக்கம். இந்தக் கடையின் உரிமையாளர் நான். புரட்டாசிக்கு முன் உங்கள் வீட்டுக்கு வந்திருக்க வேண்டிய 140 பொட்டலங்களை நான் நேரத்துக்குக் கொண்டுவரவில்லை. இரண்டு சனிக்கிழமைகள் போய்விட்டன. புது விளக்குக்காகக் காத்திருந்து, பழைய விளக்கையும் இரவல் விளக்கையும் ஏற்றி நீங்கள் பூஜையை முடித்தீர்கள். அந்த நாட்களை என்னால் திருப்பித் தர முடியாது. உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.”

அடுத்த நாற்பது விநாடி:

“நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் கன்டெய்னரில் கற்பூரம் இருந்தது. கற்பூரம் தீப்பிடிக்கும் பொருள் என்பதால் கப்பலில் ஏற்ற அதற்குத் தனிப் படிவம் வேண்டும். அது இருக்கிறதா என்று நான் சரிபார்க்கவில்லை. கப்பலில் ஏற்ற மறுத்துவிட்டார்கள். அதனால் 16 நாள் போனது. டர்பன் துறைமுகத்திலும் சுங்கத்திலும் இன்னும் 8 நாள் போகும் என்கிறார்கள். இதைவிடப் பெரிய தவறு ஒன்றும் செய்தேன். கப்பல் தவறியது ஆகஸ்ட் 8ஆம் தேதியே எனக்குத் தெரியும். உங்களிடம் சொல்லவில்லை. அதற்குப் பிறகும் 52 பேரிடம் ஆர்டர் எடுத்தேன். எடுத்திருக்கக் கூடாது.”

மீதி நேரம் முழுக்கப் பரிகாரத்துக்கு:

“இப்போது நான் செய்வது இது. 140 பேருக்கும் கூரியர் கட்டணம் இன்றே திரும்பி வருகிறது. ஆகஸ்ட் 8க்குப் பிறகு வாங்கிய 52 பேருக்குப் பொருள் விலையில் ஐந்தில் ஒரு பங்கும் சேர்ந்து வருகிறது. பொருள் இனி வேண்டாம் என்றால், வாட்ஸ்அப்பில் ‘வேண்டாம்’ என்று ஒரு சொல் அனுப்புங்கள். மூன்று வேலை நாளில் முழுப் பணமும் வந்துவிடும். வேண்டும் என்றால் அக்டோபர் 9 மாலைக்குள் உங்கள் வீட்டுக்கு வரும். வராவிட்டால், நீங்கள் கேட்காமலே 10ஆம் தேதி முழுப் பணத்தையும் அனுப்புவேன். 10ஆம் தேதி காலை, எத்தனை பொட்டலம் போய்ச் சேர்ந்தது என்று இதே இடத்திலிருந்து சொல்வேன். இனி சரக்கு டர்பனில் என் கைக்கு வந்த பிறகுதான் ஆர்டர் எடுப்பேன்.”

இங்கேயே நிறுத்திவிடுங்கள். நன்றி, வணக்கம், தொடர்ந்து ஆதரவு தாருங்கள் என்று எதுவும் சேர்க்காதீர்கள்.

கடைசி வாக்கியத்தை உங்களைக் கேட்காமல் நானே எழுதியிருக்கிறேன். முன்பணம் வாங்கித்தான் சரக்குப் பிடிக்கிறீர்கள் என்றால் உங்களால் அப்படிச் செய்ய முடியாமல் போகலாம். அப்படியானால் அதை எடுத்துவிட்டு, “கப்பல் புறப்பட்டதும் ஒரு செய்தி, டர்பன் வந்ததும் ஒரு செய்தி அனுப்புவேன்” என்று வையுங்கள். செய்யப்போவது எதுவோ அதை மட்டும் வையுங்கள்.

படம் பிடிக்கும் இடம் கிடங்காக இருக்கட்டும், பின்னால் காலி அலமாரி தெரியட்டும். சாமி படத்தின் முன் நின்று பேசாதீர்கள். பக்தியைக் காட்டி மன்னிப்பு வாங்குவது போல இருக்கும், நம் மக்களுக்கு அது பிடிக்காது. பின்னணி இசை வேண்டாம். எழுதியதை அப்படியே வாசிக்கவும் வேண்டாம், வாசிக்கும் கண்கள் இடமும் வலமும் ஓடுவது தெரியும். மூன்று பகுதியையும் தனித்தனியே மனத்தில் வாங்கி, தனித்தனியே பேசிச் சேர்த்துவிடுங்கள். நாள், தொகை, வாட்ஸ்அப் எண் மூன்றும் எழுத்தாகத் திரையில் வர வேண்டும். கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்க்கிறவர்கள் பலர்.

ஆங்கிலத்திலும் ஒரு வீடியோ வேண்டும். உங்கள் கடையில் ஆர்டர் போடுவது பெரும்பாலும் பிள்ளைகள், அவர்கள் ஆங்கிலத்தில்தான் பேசுகிறார்கள். பாட்டிக்கும் தாத்தாவுக்கும் தமிழில் கேட்டால்தான் மனம் ஆறும். ஒன்றை மற்றதின் மொழிபெயர்ப்பாக்காமல் இரண்டிலும் உங்கள் சொந்தப் பேச்சாகப் பேசுங்கள். தொகையும் தேதியும் மட்டும் இரண்டிலும் ஒன்றாகவே இருக்க வேண்டும். சாட்ஸ்வொர்த்தில் ஒரே வீட்டில் இரண்டையும் பார்ப்பார்கள்.

வெளியிடும் வரிசையும் முக்கியம். முதலில் அந்த 140 பேருக்கு வாட்ஸ்அப்பில் நேரடியாக அனுப்புங்கள். கூரியர் கட்டணம் அவர்கள் கணக்கில் ஏறத் தொடங்கிய பிறகு பொதுவில் போடுங்கள். “இன்றே வருகிறது” என்று நீங்கள் சொல்லும்போது பணம் கிளம்பியிருக்க வேண்டும். ஊருக்கெல்லாம் அறிவித்துவிட்டுப் பணம் கட்டியவருக்குக் கடைசியில் சொன்னால், அது விளம்பரம் ஆகிவிடும்.

கீழே கோபமாக எழுதுவார்கள். அழிக்காதீர்கள். “எனக்கு ஆகஸ்ட் 20இல் விற்றீர்கள், தெரிந்தே விற்றீர்கள்” என்று ஒருவர் எழுதினால், “ஆம், தெரிந்தே விற்றேன். உங்களை இன்று மாலை கூப்பிடுகிறேன்” என்று பதில் எழுதிவிட்டுக் கூப்பிடுங்கள்.

அக்டோபர் 7 மாலை வரை சரக்கு கைக்கு வரவில்லை என்றால் 9ஆம் தேதிக்காகக் காத்திருக்காதீர்கள். ஆகஸ்டில் செய்ததையே மறுபடி செய்வதாகிவிடும். அன்று இரவே அரை நிமிட வீடியோ ஒன்று போடுங்கள்: “சரக்கு இன்னும் துறைமுகத்தில்தான் இருக்கிறது. 9ஆம் தேதிக்குள் வராது. சொன்னபடி 10ஆம் தேதி பணம் வரும்.” அந்த வீடியோவுக்கு என்னிடம் வசனம் கேட்க வேண்டாம், அந்த மூன்று வாக்கியமே போதும்.

வசனத்தை வழக்கறிஞரிடம் காட்டிவிட்டு, 140 பெயரும் ஆர்டர் தேதியும் உள்ள பட்டியலை எடுத்து ஆகஸ்ட் 8இல் ஒரு கோடு போடுங்கள். கோட்டுக்குக் கீழே உள்ள 52 பேரில் மூவரை இன்று கூப்பிட்டுப் பேசுங்கள். அவர்கள் என்ன இழந்தார்கள் என்று கேளுங்கள். நான் எழுதிய முதல் பகுதியில் இரவல் விளக்கு என்றிருக்கும் இடத்தில், அவர்கள் சொல்வதை வைத்துக்கொள்ளுங்கள்.